முதல் பில் விழும் நாள்

20 பேர் வேலை செய்யும் ஒரு ஸ்டார்ட்அப்புக்கு வேலை கேட்டுக் கடிதம் போட்டால், அதை முதலில் படிப்பவர் பெரும்பாலும் நிறுவனரேதான். எச்.ஆர். என்று தனியாக ஒருவர் அங்கே இருப்பது அபூர்வம். அவரும் நிதானமாக உட்கார்ந்து படிக்கப்போவதில்லை. ஒரு மீட்டிங் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள், கைபேசியில் பார்ப்பார். ‘கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுவேன்’ என்று கடிதம் தொடங்கினால் கட்டைவிரல் தானாகவே அடுத்த மெயிலுக்குப் போய்விடும்.

அந்த விரலை நிறுத்தக் கூடியது, சேர்ந்தால் முதல் 90 நாளில் என்ன செய்வேன் என்று சொல்லும் ஒரு சிறு பத்தி. நம் ஊர் ஐ.டி. ஊழியர்களுக்கு 90 நாள் என்றதும் நோட்டீஸ் பீரியட்தான் ஞாபகத்துக்கு வரும். உள்ளே வருவதற்கும் அதே கணக்கு உண்டு என்பதைப் பரவலாக்கியது, மைக்கேல் வாட்கின்ஸ் 2003-ல் வெளியிட்ட ‘தி ஃபர்ஸ்ட் 90 டேஸ்’ புத்தகம். புதிதாகப் பொறுப்பேற்கும் மேலாளர்களுக்காக எழுதப்பட்டது அது. புதிதாக வருபவர் முதலில் நிறுவனத்தின் நேரத்தையும் பணத்தையும் தின்பார். அதை ஈடுகட்டும் அளவுக்கு அவர் திருப்பித் தர ஆரம்பிக்கும் நாள் எது என்பதுதான் அதன் அடிப்படைக் கேள்வி. பெரிய நிறுவனம் அந்த நாளுக்காகக் காத்திருக்கும். கையில் ஒரு வருடச் சம்பளத்துக்கு மட்டும் பணம் வைத்திருக்கும் நிறுவனருக்கு ஒவ்வொரு மாதமும் கணக்கில் விழும்.

எப்படி எழுதுவது? ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மருந்துக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் விற்கும் ஒரு சிறிய நிறுவனம். புதிய கடைகளைச் சேர்த்து, அவர்கள் பயன்படுத்தப் பழகும்வரை கூட இருந்து உதவ ஓர் ஆள் தேவை. விண்ணப்பிக்கும் பெண் மருந்து மொத்த வியாபாரி ஒருவரின் அலுவலகத்தில் நான்கு வருடம் பில் போட்டவர்.

அவருடைய முதல் வரைவு இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்: முதல் மாதம் நிறுவனத்தைப் புரிந்துகொள்வேன், இரண்டாம் மாதம் குழுவோடு சேர்ந்து திட்டங்களில் பங்கெடுப்பேன், மூன்றாம் மாதம் வாடிக்கையாளர் திருப்தியை 30 சதவீதம் உயர்த்துவேன். இதில் நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றினால் டயர் கம்பெனிக்கும் அனுப்பலாம். அந்த 30 சதவீதம் அதைவிட மோசம். இப்போது எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாமல் எவ்வளவு உயரும் என்று சொன்னால், படிப்பவருக்குச் சந்தேகம்தான் வரும்.

அதனால் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு மென்பொருளைத் திறந்தார். 14 நாள் இலவசம். பில் போடும் முன் கடையில் இருக்கும் சரக்கை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் பேட்ச் எண், காலாவதித் தேதி, விலை, எத்தனை அட்டை என்று வரிசையாக அடிக்க வேண்டும். 20 மருந்தை ஏற்றிப் பார்த்தார். 20 நிமிடம் ஆனது. ஒரு நடுத்தரக் கடையில் 3,000 அயிட்டம் என்றால் 50 மணி நேரம். கடைக்காரருக்குக் கூட்டம் ஓய்ந்து கிடைப்பது மதியம் இரண்டு மணி நேரம். அப்படியானால் சரக்கை ஏற்றவே 25 நாள். இலவசமோ 14 நாளில் தீர்ந்துவிடுகிறது. செயலியின் விமர்சனப் பகுதியிலும் இரண்டு மூன்று பேர் இதையே புலம்பியிருந்தார்கள்.

வெளியே நின்றே இவ்வளவும் கண்டுபிடிக்கலாம். இந்தப் புலம்பல்களுக்கு மதிப்பு உண்டு என்பது நிறுவனர்களுக்குத் தெரியும், ஏனென்றால் பல நிறுவனங்கள் அங்கிருந்துதான் கிளம்பின. வாடிக்கையாளர் சேவை மென்பொருள் ஒன்றின் விலை ஏறியபோது அதைப் பயன்படுத்தியவர்கள் கொதித்ததைப் படித்த உந்துதலில்தான், கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். இன்று அது ஃப்ரெஷ்வொர்க்ஸ். 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது.

இப்போது அந்தப் பெண் எழுதிய பத்தி. கடிதம் போவது ஆங்கிலத்தில்தான். தமிழில் சொன்னால் இப்படி:

“உங்கள் மென்பொருளில் 20 மருந்துகளை ஏற்றிப் பார்த்தேன். 3,000 அயிட்டம் உள்ள கடைக்கு, இலவச நாட்கள் முடிவதற்குள் ஸ்டாக் ஏறாது என்று தோன்றுகிறது. வெளியிலிருந்து சொல்கிறேன், தவறாகவும் இருக்கலாம். சேர்ந்தால் முதல் மாதம் சப்போர்ட் போனை நான் எடுப்பேன். பாதியில் விட்ட 10 கடைகளுக்கு மதிய நேரத்தில் நேரே போய்க் காரணம் கேட்பேன். இரண்டாம் மாதம் 5 புதிய கடைகளில், மொத்த வியாபாரியின் பில் விவரத்தை எக்ஸெல் கோப்பாக வாங்கி மொத்தமாக ஏற்றிப் பார்ப்பேன். லாகின் கொடுத்ததிலிருந்து முதல் பில் விழும்வரை எத்தனை நாள் ஆகிறது என்று குறித்து வருவேன். 90-ஆம் நாள் அந்த எண்ணையும், கடையைச் சேர்க்கும் முறையை ஒரே பக்கத்தில் எழுதியும் தருவேன். இதற்குப் பழைய சப்போர்ட் அழைப்புகளின் பதிவும், வாரம் அரை மணி நேரம் உங்கள் நேரமும் வேண்டும்.”

அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம். தான் யார், என்ன செய்திருக்கிறேன் என்று சொல்லும் பத்திக்கு அடுத்து, கடிதத்தின் முடிவுக்குச் சற்று முன்னால் இதை வைத்தால் போதும்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த ஒற்றை எண். விற்பனை உயரும் என்று அவர் சொல்லவில்லை; அது விலை, போட்டி, விற்பனை ஆட்கள் என்று அவர் கையில் இல்லாத பலவற்றைப் பொறுத்தது. லாகினிலிருந்து முதல் பில்வரை எத்தனை நாள் என்பதை அவரே எண்ணலாம், அவரே குறைக்கவும் முயலலாம். மொத்த வியாபாரியின் பில்லிலேயே பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும் என்பது நான்கு வருட அனுபவத்தில் அவர் அறிந்தது. திட்டத்துக்கும் பழைய வேலைக்கும் உள்ள தொடர்பைத் தனியாக விளக்கத் தேவையில்லாமல் போகிறது.

இது வழுக்குவது எங்கே என்றால், பெரும்பாலும் ஆர்வக்கோளாறில்தான். ‘உங்கள் இணையதளத்தை முழுக்க மாற்றியமைப்பேன்’ என்று ஒருவர் எழுதினால், அதை மூன்று இரவு விழித்துச் செய்த ஆளே அந்தக் கடிதத்தைப் படிக்கக் கூடும். 12 பக்க ஸ்லைடு அனுப்புவது இன்னொரு கோளாறு. அது வேலைக்கு முன்பே இலவசமாகச் செய்த வேலை. நிறுவனர் கேட்டால் பிறகு விரிக்கலாம், கேட்காமல் விரிக்க வேண்டாம். அரசு வேலைக்கும், என்ன செய்ய வேண்டும் என்பது முன்பே வகுக்கப்பட்ட பெரிய நிறுவன வேலைக்கும் இந்தப் பத்தி பெரிதாக உதவாது.

திட்டம் தவறாகப் போனால்? நம் உதாரணத்தில் நிறுவனர் இரண்டாம் நாளே போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“ஸ்டாக் ஏத்துறதுதாங்க எங்களுக்கும் தலைவலி. ஆனா எக்ஸெல்லு எங்க வருது? பாதிக் கடைக்குப் பில்லை வாட்ஸ்அப்ல போட்டோ எடுத்துத்தான் அனுப்புறாங்க.”

“எங்க ஆபீஸ்ல கடைக்காரர் கேட்டா கோப்பாவே அனுப்புவோம் சார். நிறைய பேருக்குக் கேட்கலாம்னே தெரியாது. அப்போ இரண்டாம் மாசத்தை மாத்திக்கிறேன். முதல்ல அந்த அஞ்சு கடைக்கும் சரக்கு போடுற மொத்த வியாபாரிகள்கிட்ட பேசிட்டு வர்றேன்.”

“திங்கட்கிழமை ஆபீஸுக்கு வர முடியுமா?”