தாழிட்ட அறையும் கேஸ் ஹீட்டரும்

2020 ஜனவரி மாதம். கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா போன பதினைந்து பேர், பொக்காராவிலிருந்து காத்மாண்டு திரும்பும் வழியில் டாமன் என்ற மலையூரில் இரவு தங்கினார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரம். கடுங்குளிர். இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்தார்கள். நான்கு பேர் பெரியவர்கள், நான்கு பேர் குழந்தைகள். அறையில் கேஸ் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல், கதவு எல்லாம் உள்ளே தாழிடப்பட்டிருந்ததாக விடுதித் தரப்பு பின்னர் சொன்னது. காலையில் எட்டுப் பேரும் மயங்கிக் கிடந்தார்கள். ஹெலிகாப்டரில் காத்மாண்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் ஒருவரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

எட்டுப் பேரில் ஒருவருக்குமா மூச்சு முட்டவில்லை, ஒருவருமா எழுந்து கதவைத் திறக்கவில்லை என்று செய்தியைப் படித்த பலரும் கேட்டார்கள். முட்டாது என்பதுதான் கார்பன் மோனாக்சைடின் கொடுமை. அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது, கண்ணும் எரியாது. காற்றின் எடைதான் அதற்கும் என்பதால் மேலேயும் போகாமல் கீழேயும் தங்காமல் அறை முழுக்கக் கலந்துவிடும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. மூச்சு வழக்கம்போல் உள்ளே போய் வெளியே வரும். நெஞ்சில் அடைப்பு இருக்காது. மூளைக்குப் போக வேண்டிய ஆக்சிஜன் மட்டும் குறைந்துகொண்டே வரும். விழித்திருப்பவருக்கு முதலில் தலைவலி, அப்புறம் குமட்டல், கால் தள்ளாட்டம். உறங்குபவருக்கு அதுவும் தெரியாது. உறக்கம் அப்படியே மயக்கமாக மாறிவிடும்.

கேஸ் ஹீட்டர் எப்போதும் விஷத்தைக் கக்கும் சாதனம் இல்லை. போதிய காற்று கிடைத்தால் கேஸ் முழுமையாக எரிந்து, கார்பன் டையாக்சைடும் நீராவியும்தான் பெரும்பாலும் மிஞ்சும். காற்று எப்போது போதாமல் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரமுள்ள ஒரு படுக்கையறையில் சுமார் 32,000 லிட்டர் காற்று இருக்கும். அதில் ஆக்சிஜன் 21 சதவீதம், அதாவது ஏறத்தாழ 6,800 லிட்டர். டாமன் போன்ற உயரத்தில் காற்று கால் பங்கு மெலிந்துவிடுவதால், கடல்மட்டக் கணக்கில் அது 5,100 லிட்டருக்குத்தான் சமம். பின்னால் சிலிண்டர் வைக்கும் பெட்டி ஹீட்டர் ஒன்றை முழு வேகத்தில் எரியவிட்டால் மணிக்குச் சுமார் 300 கிராம் கேஸ் செலவாகும். அதை எரிக்க 750 லிட்டருக்கும் சற்று மேல் ஆக்சிஜன் வேண்டும். உறங்கும் எட்டுப் பேர் ஒரு நூறு லிட்டருக்கு மேல் எடுத்துக்கொள்வார்கள். ஒரு துளி வெளிக்காற்றும் நுழையாத அறையென்றால், ஒரே மணி நேரத்தில் 21 சதவீதம் 17.5 அளவுக்கு இறங்கிவிடும். கதவிடுக்குகள் இந்த இறக்கத்தைத் தாமதப்படுத்தும். ஆனால் குளிர்க்காற்று வருகிறதென்று கதவின் கீழே போர்வையைச் சுருட்டி வைப்பவர்கள் அந்த இடுக்கையும் அடைத்துவிடுகிறார்கள்.

ஆக்சிஜன் குறையக் குறையச் சுடரும் கெடுகிறது. அரைகுறையாக எரியும் கேஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு பெருகத் தொடங்குகிறது. முதல் மணி நேரம் எந்தக் குறையும் இல்லாமல் எரிந்த ஹீட்டர்தான் மூன்றாம் மணி நேரத்தில் ஆளைக் கொல்கிறது. 'நேற்றும் இப்படித்தான் போட்டோம், ஒன்றும் ஆகவில்லையே' என்ற பேச்சை நம்ப முடியாததற்கும் காரணம் இதுதான். நேற்று அரை மணி நேரத்தில் அணைத்திருப்பார்கள், அல்லது யாராவது கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

விழித்திருக்கும்போது அறையே சில அடையாளங்களைக் காட்டும். நீலமாக எரிந்த சுடர் மஞ்சளாகி நாக்கு நீட்டும். ஹீட்டரின் முகப்பில் கரி படியும். ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்து வழியும். எரியும் கேஸிலிருந்து வந்த நீராவி வெளியேற வழியில்லாமல் தங்குகிறது என்று அதற்கு அர்த்தம். நீராவிக்கு வழியில்லை என்றால் விஷ வாயுவுக்கும் வழியில்லை. எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளம், அறையில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிப்பதும், வெளியே போனால் அது குறைவதும்.

காற்றோட்டம் என்றால் என்ன அளவு? மண்ணெண்ணெய் ஹீட்டர்களின் கையேடுகள் ஜன்னலை ஓர் அங்குலமாவது திறந்துவைக்கச் சொல்கின்றன. ஒரே ஒரு திறப்பைவிடத் தரைக்கு அருகில் ஒன்றும் கூரைக்கு அருகில் ஒன்றுமாக இரண்டு இருப்பது மேல். சூடான காற்று மேல் வழியாகப் போக, புதுக்காற்று கீழே தானாக நுழையும். மேல் துவாரத்தை அட்டை வைத்து அடைத்தாலோ, திரைச்சீலை ஜன்னலை மூடித் தொங்கினாலோ இந்த ஓட்டம் நின்றுபோகும். சில ஹீட்டர்களில் ஆக்சிஜன் சுமார் 18 சதவீதத்துக்கு இறங்கியதும் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு உண்டு. அது ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது, கார்பன் மோனாக்சைடை அளப்பதில்லை. ஜன்னல் திறந்திருந்தாலும் சரி, இந்த அமைப்பு இருந்தாலும் சரி, புகைபோக்கி இல்லாத ஹீட்டரை உறங்கப் போகும் முன் அணைத்துவிட வேண்டும். அறையைச் சூடாக்கிவிட்டு, அணைத்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுப்பதுதான் முறை.

கரித் தணலுக்கு இந்தச் சலுகையும் கிடையாது. கேஸ் சுடர் காற்று குறைந்தால்தான் கெடும்; கரியோ திறந்த வெளியில் எரியும்போதே கார்பன் மோனாக்சைடைத் தாராளமாக விடுகிறது. புகை அடங்கிச் செக்கச்செவேலென்று கனலும் தணல்தான் ஆளை ஏமாற்றுகிறது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குப் போன நண்பர்கள் சிலர், கோழி சுட்ட பார்பிக்யூ அடுப்பைக் குளிருக்காக அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தார்கள். அவர்களில் இருவர் எழுந்திருக்கவில்லை. எத்தனை ஜன்னல் திறந்திருந்தாலும் கரியடுப்புக்குப் படுக்கையறையில் இடமில்லை.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் பயணப்பையிலேயே போட்டுக்கொண்டு போகலாம். ஐரோப்பியத் தரத்தின்படி செய்தது, பத்து லட்சத்தில் 300 பங்கு கலந்தால் மூன்று நிமிடத்துக்குள் அலறும். 50 பங்கு என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுத்து அலறும். சமையலறையில் மாட்டும் எல்பிஜி கசிவு அலாரம் வேறு, இது வேறு. அதை நம்பி இதை விட்டுவிடக் கூடாது.

மயங்கியவர்களைப் பார்த்தால் முதலில் கதவைத் திறந்து அவர்களை வெளிக்காற்றுக்கு இழுக்க வேண்டும். ஹீட்டரை அணைப்பதும் 108-க்கு அழைப்பதும் அதற்குப் பிறகு. மருத்துவமனையில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98, 99 என்று காட்டக்கூடும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் அந்தக் கருவி ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணிவிடுகிறது. அதனால் அறையில் ஹீட்டர் எரிந்தது என்ற ஒரு வார்த்தையைக் கூட்டிவந்தவர் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால்தான் ரத்தத்தில் அந்த வாயுவை நேராக அளந்து பார்ப்பார்கள். வெறும் காற்றில் வைத்திருந்தால் ரத்தத்தில் ஏறிய நஞ்சு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் பிடிக்கும். முகமூடி மாட்டித் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். பிழைத்து வீடு திரும்பியவர்களில் சிலருக்குச் சில வாரங்கள் கழித்து மறதியும் தடுமாற்றமும் தலைகாட்டுவது உண்டு என்பதால், தலைவலி போன பிறகும் மருத்துவர் மீண்டும் வரச் சொல்வார்.