உங்களுக்குத் தெரியுமா? எல்லோருக்கும் ஒரே ஆட்டம்

● 2013இல் கம்ப்யூட்டருக்கு வந்த 'ஸ்பெலங்கி' விளையாட்டில் 'டெய்லி சேலஞ்ச்' என்றொரு பகுதி உண்டு. அன்றைக்கு அதை ஆடும் அத்தனை பேருக்கும் ஒரே குகை, ஒரே பொறிகள். ஆளுக்கு ஒரே ஒரு வாய்ப்பு. இதற்காக முழுக் குகையையும் இணையம் வழியே அனுப்ப வேண்டியதில்லை. 'விதை' எனப்படும் ஓர் எண் போதும். அதிலிருந்து குகையை உங்கள் கருவியே கட்டிவிடும்.

● கம்ப்யூட்டரின் 'தற்செயல்' எண்கள் பெரும்பாலும் உண்மையில் தற்செயலானவை அல்ல. விண்டோஸ் 95உடன் வந்த ஃப்ரீசெல் சீட்டாட்டத்தைப் பாருங்கள். அதிலிருந்த 32,000 ஆட்டங்களின் எண்களும் விதைகளே. சூத்திரம் இவ்வளவுதான்:

```
s = (s * 214013 + 2531011) % 2147483648
r = s >> 16
```

1ஆம் எண் ஆட்டத்தைப் போட்டுப் பார்ப்போம். s முதலில் 1. பெருக்கிக் கூட்டினால் 27,45,024. இரண்டாம் வரி அதை 65,536ஆல் வகுத்து, பின்னத்தை விட்டுவிடுகிறது, கிடைப்பது 41. கையில் 52 சீட்டு இருப்பதால் 41ஐ 52ஆல் வகுத்து மீதியை எடுக்க வேண்டும், அதுவும் 41தான். கிளாவர் ஏஸை 0 என்று வைத்து, கிளாவர், டைமன், ஆட்டின், இஸ்பேட் என்ற வரிசையில் முதலில் நான்கு ஏஸ், பிறகு நான்கு இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனால் 41ஆம் இடத்தில் இருப்பது டைமன் ஜாக்கி. அதுதான் முதல் சீட்டு. அடுத்த சுற்றில் 18,467 வரும். மீதமுள்ள 51 சீட்டால் வகுத்தால் மீதி 5. அது டைமன் இரண்டு. உலகில் எந்த விண்டோஸ் 95 கம்ப்யூட்டரில் 1ஆம் ஆட்டத்தைத் திறந்தாலும் முதல் வரிசை இப்படித்தான் தொடங்கும்.

● அந்த 32,000இல் தீர்க்கவே முடியாதது 11,982ஆம் ஆட்டம் ஒன்றுதான். தன்னார்வலர்கள் எண்களைப் பங்கு பிரித்துக்கொண்டு, அவரவர் வீட்டிலேயே ஆடிப் பார்த்தார்கள். ஒரே எண் எல்லோருக்கும் ஒரே சீட்டு வரிசையைத் தந்ததால்தான் அந்த வேலை சாத்தியமானது.

● விதை ஒன்றாக இருந்தாலும் ஆட்டம் வேறாகலாம்! சி மொழியின் `rand()` எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று அம்மொழியின் தரநிலை சொல்லவில்லை. விதை 1 கொடுத்தால் மைக்ரோசாஃப்ட் நூலகம் 41 தரும். லினக்ஸின் நூலகம் 1,80,42,89,383 தரும். எனவே கருவியோடு வரும் `rand()`ஐ நம்பி தினசரிப் போட்டி வைப்பது தவறு. சூத்திரத்தை விளையாட்டுக்குள்ளேயே எழுதிவிட வேண்டும். சில வரிகளுக்கு மேல் ஆகாது. ஜாவாஸ்கிரிப்ட்டின் `Math.random()` இந்த வேலைக்கு உதவவே உதவாது. அதற்கு விதை கொடுக்க வழியே இல்லை.

● முதல் லெவல் இருவருக்கும் ஒன்றாக இருந்து, இரண்டாவது மட்டும் மாறினால் எதைச் சந்தேகிக்க வேண்டும்? தீப்பொறிகளை! வெடிப்பில் சிதறும் பொறிகளுக்கும் லெவலுக்கும் ஒரே எண் வரிசையிலிருந்து எடுத்தால், வேகமான கருவி அதிகப் பொறிகளை வரைந்து அதிக எண்களைத் தின்றுவிடும். அடுத்த லெவல் கட்டும்போது இரு கருவிகளும் வரிசையில் வெவ்வேறு இடத்தில் நிற்கும். அலங்காரத்துக்குத் தனி வரிசை, லெவலுக்குத் தனி வரிசை என்று பிரிப்பதே தீர்வு. அன்றைய எண்ணோடு லெவல் எண்ணையும் கலந்து, ஒவ்வொரு லெவலுக்கும் புது விதை உண்டாக்குவது இன்னும் பாதுகாப்பானது. முதல் லெவலில் ஒருவர் எப்படி ஆடினாலும் இரண்டாவது மாறாது.

● 20250614 என்று தேதியையே விதையாக வைக்கலாமா? அப்படியே வைக்கக் கூடாது. மேலே பார்த்த சூத்திரத்தில் 1, 2, 3 என்ற விதைகளுக்கு முதலில் வரும் எண்கள் 41, 45, 48. வரக்கூடிய எண்களோ 0 முதல் 32,767 வரை. அந்த நீளத்தைப் பத்தாகப் பிரித்து முதல் அறையின் வகையைத் தேர்ந்தெடுத்தால், மூன்று நாளும் ஒரே வகை அறைதான்; அந்த மாதம் முழுக்கவே அப்படி அமையக்கூடும். தேதியின் இலக்கங்களை முதலில் நன்றாகக் கலைத்துவிட்டுத்தான் விதையாக்க வேண்டும்.

● 'இன்று' என்பதையும் கருவியின் கடிகாரத்திடம் கேட்கக் கூடாது. தேதியை மாற்றி வைத்து நாளைய ஆட்டத்தை இன்றே பழகிவிடுவார்கள். சர்வரே எண்ணைத் தர வேண்டும். யு.டி.சி. நள்ளிரவில் எண்ணை மாற்றும் விளையாட்டில் நமக்குப் புதிய ஆட்டம் வருவது காலை 5.30 மணிக்கு. உங்களுக்கும் நண்பருக்கும் வேறு வேறு லெவல் வந்தால், இருவரும் ஒரே வெர்ஷனில் ஆடுகிறீர்களா என்பதை முதலில் பாருங்கள். லெவல் கட்டும் வரிகள் அப்டேட்டில் மாறியிருந்தால், அதே விதை புது வெர்ஷனில் வேறு குகையைத்தான் கட்டும்.