கருத்துத் திருட்டு விசாரணை: ஆய்வு மாணவர் திரட்ட வேண்டியவை

இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வேட்டின் மீது கருத்துத் திருட்டுப் புகார் எழுந்தால், பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட விதிமுறைகளின்படி அது முதலில் துறை அளவிலான குழுவிடம் செல்கிறது. துறைத் தலைவர் தலைமையிலான இந்த மூவர் குழு இயற்கை நீதிப்படி நடக்க வேண்டும். அதாவது, மாணவர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அந்த வாய்ப்பை வெறும் வாய்மொழி மறுப்போடு வீணாக்குபவர்கள் பலர்.

முதலில் கேட்டு வாங்க வேண்டியது முழு ஒப்புமை அறிக்கை. சதவீதம் அச்சிட்ட முதல் பக்கம் மட்டும் போதாது. மென்பொருள் சொல்வது எழுத்து எங்கெங்கே ஒத்திருக்கிறது என்பதைத்தான். அது திருட்டா இல்லையா என்பதை மனிதர்கள்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, முறையாகச் சான்று காட்டிய மேற்கோள்கள், சட்டப் பெயர்கள், வழக்கமான சமன்பாடுகள், தற்செயலாக ஒத்துப்போகும் பதினான்கு சொற்கள் வரையிலான தொடர்கள் ஆகியவற்றை விதிமுறைகள் கணக்கில் சேர்ப்பதில்லை. மென்பொருளில் அந்த விலக்குகளைத் தேர்வு செய்யாமல் ஓட்டினால் எண் தேவையின்றி ஏறும்.

ஒரு கற்பனை மாணவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய ஆய்வேட்டில் 31 சதவீத ஒப்புமை என்று அறிக்கை வருகிறது. வரி வரியாகப் பிரித்தால் அதில் 9 நூற்பட்டியலும் வரையறைகளும். இன்னொரு 9 அவரே நெறியாளருடன் சேர்ந்து முன்பு வெளியிட்ட கட்டுரை. மீதி 13-இல் பெரும்பகுதி, இலக்கிய மதிப்பாய்வில் வேறொருவர் கட்டுரையிலிருந்து ஏறக்குறைய அப்படியே வந்த சில பத்திகள். சொந்தக் கட்டுரையை நெறியாளரின் சான்றிதழோடு விலக்கும் வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. தம்முடைய பல்கலைக்கழகத்தில் உண்டா என்பதை அவர் எழுத்தில் கேட்டறிய வேண்டும். எண்களைத் தாமே கழித்துக் காட்டுவதைவிட, உரிய விலக்குகளுடன் அறிக்கையை மறுபடி எடுக்கக் கோருவது நல்லது. ஒரே வரி இரண்டு மூலங்களோடு ஒத்திருந்தால் கணக்கு மாறும்.

அடுத்து, சர்ச்சைக்குரிய ஒவ்வொரு பத்தியும் எங்கிருந்து பிறந்தது என்பதற்கான தடங்கள். கைக்குறிப்பேடு, படித்த கட்டுரையில் அடிக்கோடிட்ட பக்கம், நெறியாளர் சிவப்பு மையில் திருத்திய பிரதி, அவருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாமே இதில் சேரும். இவற்றின் வலு ஒன்றுபோல் இராது. கணினிக் கோப்பின் தேதி பலவீனமான சான்று. பென் டிரைவில் நகல் எடுத்தாலே அது மாறக்கூடும். மின்னஞ்சலோடு இணைத்து அனுப்பிய வரைவுக்கு அனுப்பிய தேதி தனியாகப் பதிவாகியிருக்கும். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் `Version history` பகுதியில் பத்தி எப்படி வளர்ந்தது என்பது தெரியும். ஒரே மூச்சில் ஒட்டப்பட்ட பெரிய பத்தியையும் அதே பகுதி காட்டிவிடும் என்பதை மாணவர் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

நம் மாணவரின் குறிப்பேட்டில் அந்தப் பத்திகள் ஆசிரியர் பெயரோடும் பக்க எண்ணோடும் இருக்கின்றன. முதல் வரைவில் மேற்கோள் குறி விழுந்துபோயிருக்கிறது. இரண்டாம் வரைவில் ஆசிரியர் பெயரும் இல்லை. பிழை எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்பதை இம்மூன்று தாள்களும் பக்கத்தில் பக்கம் வைத்தால் காட்டுகின்றன. விடுபட்ட வரைவை இப்போது புதிதாக உருவாக்கி இடைவெளியை அடைக்கும் ஆசை அந்த நேரத்தில் வரும். அது போலிச் சான்று. பிடிபட்டால், உண்மையாக எழுதிய மற்றப் பக்கங்களையும் குழு நம்பாது. இல்லாத வரைவை இல்லை என்றே எழுத வேண்டும்.

விளக்கக் கடிதம் இரண்டு பக்கம் போதும். எந்தப் பத்தி தம்முடையது, எது சான்றின்றி எடுக்கப்பட்டது, எப்போது, எப்படி என்பதைத் தேதி வரிசையில், இணைப்பு எண்களோடு சொல்ல வேண்டும். "மூன்றாவது, நான்காவது பத்திகளைச் சான்று காட்டாமல் பயன்படுத்தினேன்; குறிப்பேட்டின் நகல் இணைப்பு 2" என்ற வரியைக் குழு உடனே சரிபார்க்க முடியும். "தெரியாமல் நடந்துவிட்டது" என்பதைச் சரிபார்க்க வழியில்லை. வேலைப் பளு, உடல்நலம் போன்றவற்றை ஆவணத்தோடு தனிப் பத்தியில் குறிப்பிடலாம்; ஒப்புதலோடு அவற்றைக் கலந்தால் சாக்குப்போல் ஒலிக்கும்.

இதனால் தண்டனை மறைந்துவிடாது. ஆய்வேட்டில் 10 சதவீதத்துக்கு மேல், 40 வரை ஒப்புமை இருந்தால் ஆறு மாதத்துக்கு மிகாத காலத்தில் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். அதற்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு வரை திருத்திய பிரதியைத் தர முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நம் மாணவரின் 13 முதல் படியில்தான் நிற்கிறது. திருத்தம் செய்யத்தான் வேண்டும். ஆனால் எந்தப் பத்திகளை எப்படித் திருத்துவது என்பது அவர் தயாரித்த கோப்பிலேயே இருக்கிறது.

துறைக் குழு 45 நாட்களுக்குள் தன் அறிக்கையை நிறுவன அளவிலான குழுவுக்கு அனுப்புகிறது. அந்தக் குழுவின் அறிக்கைப் பிரதி மாணவருக்கும் தரப்பட வேண்டும். அதனால் விசாரணை அன்று கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் ஒப்புகையுடன் ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு முறையிட நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது அதுதான்.