ஷட்டரை இறக்கிய பிறகும் கேமரா வேலை செய்கிறதா?

தெருமுனை மளிகைக் கடைக்கு மூன்று கேமரா போதும். ஒன்று கல்லாவுக்கு மேலே, ஒன்று சரக்கு அடுக்கியிருக்கும் பக்கம், ஒன்று வாசலில். அதை வயர் இழுத்துப் போடுவதா, வைஃபை கேமரா வாங்குவதா என்பதுதான் கடைக்காரரின் கேள்வி.

வைஃபை கேமராவை மாட்டுவது எளிது. ஆணி அடித்து, செல்போனில் ஆப்பைத் திறந்து இணைத்தால் அரை மணியில் முடிந்துவிடும். ஆனால் அதற்கும் கரண்ட் வேண்டும். பிளக் பாயின்ட் வரை ஒரு வயர் போயே தீரும். அதைவிடப் பெரிய சிக்கல் இரும்பு ஷட்டர். பகலில் திறந்திருக்கும்போது வாசல் கேமராவுக்கு சிக்னல் நன்றாகக் கிடைக்கும். ராத்திரி ஷட்டரை இறக்கியதும் உள்ளே இருக்கும் ரவுட்டருக்கும் வெளியே இருக்கும் கேமராவுக்கும் நடுவே இரும்புத் தகடு வந்துவிடுகிறது. திருட்டுப் பயம் உள்ள நேரத்தில்தான் செல்போனில் 'ஆஃப்லைன்' என்று வரும். எனவே வாங்கியவுடன் ஷட்டரை இறக்கிவிட்டு ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

சிக்னல் போனாலும் உள்ளே மெமரி கார்டு இருந்தால் பதிவு பெரும்பாலும் தொடரும். ஆனால் அந்தக் கார்டு கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. திருடன் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் பதிவும் அவனோடு போய்விடும்.

வயர் கேமராவில் பதிவெல்லாம் டிவிஆர் பெட்டிக்குள் உள்ள ஹார்ட் டிஸ்க்கில் சேரும். கணக்கு இப்படி: நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு கேமராவுக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 11 ஜிபி ஆகும். மூன்று கேமராவுக்கு 1 டிபி டிஸ்க் நான்கு வாரம் தாங்கும். அதே வேகத்தில் ஒரு வைஃபை கேமராவின் 128 ஜிபி கார்டு 11 நாளில் நிரம்பி, பழைய பதிவை அழித்து எழுதத் தொடங்கிவிடும். மாதக் கடைசியில் சரக்குக் கணக்குப் பார்க்கும்போது குறைவு தெரிந்தால், அந்த நான்கு வாரப் பதிவுதான் கைகொடுக்கும்.

வயர் வேலைக்கு ஆள் வேண்டும், சுவரில் துளை போட வேண்டும், ஒரு நாள் போகும். மளிகைக் கடையில் எலி உண்டு. வயரை பிவிசி பைப்புக்குள் விடச் சொல்லுங்கள். பகலில் நன்றாகத் தெரியும் கேமரா இருட்டியதும் அணைந்து அணைந்து எரிந்தால் கேமரா கெட்டுவிட்டதாக எண்ணி மாற்றிவிடாதீர்கள். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரிய கூடுதல் கரண்ட் தேவை. மெல்லிய, நீளமான வயரில் அது போய்ச் சேராமல் இருக்கலாம். முதலில் வயரையும் பவர் சப்ளையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கரண்ட் போனால் இரண்டு வகையும் நின்றுவிடும். கடையில் இன்வெர்ட்டர் இருந்தால் டிவிஆர், கேமரா, ரவுட்டர் எல்லாவற்றையும் அதில் சேர்த்துவிடலாம்.

சொந்தக் கடை என்றால் வயர் கேமராவே நல்லது. டிவிஆரைக் கல்லாவுக்கு அருகில் வைக்காமல் பூட்டிய அலமாரியில், காற்றோட்டம் இருக்கும்படி வையுங்கள். சுவரில் துளை போட உரிமையாளர் விடாத வாடகைக் கடைக்கு வைஃபை போதும். எதைப் போட்டாலும் வாரம் ஒருமுறை, முந்தைய நாள் இரவு 2 மணிப் பதிவை ஓடவிட்டு, திரையில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.