வீடு மாறியவரின் வாக்கு எங்கே இருக்கிறது?

வாக்குப்பதிவு நாளன்று வாக்குச்சாவடி வாசலில் வாக்குவாதம் செய்து கொண்டிருப்பவர்கள் கையில் பெரும்பாலும் வாக்காளர் அடையாள அட்டை இருக்கும். போன தேர்தலில் அதே அட்டையைக் காட்டித்தான் வாக்களித்திருப்பார்கள். இந்த முறை பட்டியலில் பெயர் இல்லை என்று உள்ளே இருக்கும் அலுவலர் சொல்வார். அட்டை உண்மையானது, அதை வைத்திருப்பவரும் உண்மையான வாக்காளர். ஆனாலும் அன்றைக்கு அவருக்காக யாரும் எதுவும் செய்ய முடியாது. அட்டை, இவர்தான் அவர் என்பதற்கான சான்று மட்டுமே. வாக்குரிமையைத் தருவது வாக்காளர் பட்டியலில் இருக்கும் அந்த ஒற்றை வரி. அட்டை தொலைந்தால்கூட ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் போன்ற வேறு ஆவணத்தைக் காட்டி வாக்களிக்கலாம். அந்த வரி இல்லாவிட்டால் அட்டையால் பயன் இல்லை.

அந்த வரியைப் பலர் இழப்பது வீடு மாறும்போதுதான். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அவற்றில் பெரும்பகுதி இடம் மாறியவர்கள், முகவரியில் காணப்படாதவர்கள் என்ற வகையில் வந்தவை. அந்தப் பணி சரியா தவறா என்ற அரசியல் விவாதத்துக்குள் இக்கட்டுரை போகவில்லை. வாடகை வீட்டில் வாழும் ஒருவர் தம் பெயரை எப்படிக் காப்பாற்றிக் கொள்வது என்பதை மட்டும் பார்ப்போம்.

சட்டம் சொல்வது இதுதான்: ஒருவர் சாதாரணமாக எங்கே குடியிருக்கிறாரோ, அந்தத் தொகுதியின் பட்டியலில்தான் அவர் பெயர் இருக்க வேண்டும். சொந்த ஊரில் வீடு இருக்கிறது என்பது மட்டும் போதாது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு தொகுதிகளில் பெயர் இருக்கவும் கூடாது. ஊரில் ஒரு ஓட்டு, வேலை பார்க்கும் நகரத்தில் ஒரு ஓட்டு என்று வைத்திருப்பதைச் சிலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். விண்ணப்பத்தில் தெரிந்தே பொய்யான உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் விதிக்க அதே சட்டத்தின் 31ஆம் பிரிவில் இடம் உண்டு.

இனி ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். செல்வி என்று பெயர் வைத்துக் கொள்ளலாம். மதுரை மத்தியத் தொகுதியில் வாக்காளராக இருந்தவர், கணவரோடும் மாமியாரோடும் சென்னை வேளச்சேரிக்குக் குடிவந்து இரண்டு ஆண்டு ஆகிறது. மூவருடைய அட்டையிலும் மதுரை முகவரி.

செல்வி முதலில் செய்ய வேண்டியது தேடுவது. voters.eci.gov.in தளத்தில் அட்டை எண்ணை இட்டுத் தேடினால் தொகுதி, பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடி எல்லாம் வரும். பெயரை இட்டுத் தேடுவதைவிட இது மேல். தமிழ்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் முன்னெழுத்தும் பட்டியலில் எப்படிப் பதிவாகியிருக்கும் என்று ஊகிக்கவே முடியாது. ஆனால் ஒரு எச்சரிக்கை உண்டு. இப்போதைய அட்டை எண் மூன்று ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. மாமியாரிடம் இருப்பது TN என்று தொடங்கிச் சாய்கோடுகளோடு நீளும் பழைய எண்ணாக இருந்தால் தேடலில் ஒன்றும் வராமல் போகலாம். பெயர் நீக்கப்பட்டுவிட்டது என்று அதற்குள் பதற வேண்டாம். பெயர், வயது, தொகுதி கொடுத்து இன்னொரு முறை தேடிப் பார்க்க வேண்டும். அல்லது அந்தப் பாகத்தின் பட்டியலையே இறக்கி, மகனின் பெயருக்கு அக்கம்பக்கத்து வரிகளைப் பார்க்க வேண்டும். இணையம் கைவராதவர்கள் 1950 என்ற எண்ணில் கேட்கலாம்.

தேடலின் முடிவுதான் எந்தப் படிவம் என்பதைத் தீர்மானிக்கிறது. மதுரைப் பட்டியலில் பெயர் இன்னும் இருந்தால் படிவம் 8. எங்குமே இல்லை, நீக்கப்பட்டுவிட்டது என்றால் படிவம் 6. அதிகம் பிசகுவது இந்த இடத்தில்தான். புதிய ஊரில் ‘புதிதாக’ப் பதிவு செய்கிறோம் என்று நினைத்து, பழைய பெயர் உயிரோடு இருக்கும்போதே படிவம் 6 கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் படிவம் பட்டியலில் இல்லாதவர்களுக்கு உரியது. விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம், ஏற்கப்பட்டாலோ ஒருவர் பெயர் இரண்டு இடங்களில் நிற்கும், அடுத்த சரிபார்ப்பில் இரட்டைப் பதிவு என்று சிக்கும். 2022 ஆகஸ்ட் முதல் நடைமுறையை எளிமையாக்கிவிட்டார்கள். தொகுதிக்குள் மாறினாலும் தொகுதி விட்டுத் தொகுதி மாறினாலும் படிவம் 8 ஒன்றே போதும். மதுரைப் பெயரை நீக்கத் தனியாகப் படிவம் 7 கொடுக்கத் தேவையில்லை; படிவம் 8 ஏற்கப்பட்டால் பழைய இடத்துப் பெயரை அலுவலர்களே நீக்குவார்கள். அட்டை எண் மாறாது, புதிய முகவரியோடு அட்டை மட்டும் புதிதாக வரும்.

படிவம் 8 நான்கு வேலைகளுக்குப் பொதுவானது: இடமாற்றம், பிழை திருத்தம், மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி என்ற குறிப்பு. செல்வி தேர்ந்தெடுக்க வேண்டியது Shifting of Residence. இதை விட்டுப் பிழை திருத்தத்துக்குள் போய் முகவரியை மாற்ற முயன்றால் காரியம் நடக்காது. இன்னொன்று, படிவம் ஆளுக்கு ஒன்று. கணவர் தம் பெயரை மாற்றிக் கொண்டால் வீடே மாறிவிட்டதாக அர்த்தமில்லை. மாமியாருக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். அவருக்குக் கைபேசி இல்லாவிட்டால் செல்வியே தம் கணக்கிலிருந்து ‘மற்றொரு வாக்காளருக்காக’ என்ற வழியில் அனுப்பலாம்.

வாடகைதாரருக்கு உண்மையான சிரமம் முகவரிச் சான்றில் வருகிறது. கேட்கப்படும் ஆவணங்களில் ஒன்று போதும்: ஆதார், வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், பாஸ்போர்ட், ஓராண்டாவது ஆன குடிநீர், மின்சாரம் அல்லது எரிவாயு இணைப்பின் ரசீது, பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம், சொந்த வீடாக இருந்தால் கிரயப் பத்திரம், நில ஆவணம். பார்க்க நீளமான பட்டியல்தான். செல்வியின் நிலையில் இருந்து பார்த்தால் அது சுருங்கிவிடுகிறது. மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில். வாடகை ஒப்பந்தம் முத்திரைத்தாளில் 11 மாதத்துக்கு எழுதியது, பதிவு செய்யாதது, ஆகவே செல்லாது. ஆதாரில் மதுரை முகவரி. எஞ்சுவது பாஸ்புக். கணக்கு இருக்கும் கிளையில் முகவரியை மாற்றி, புதிய முகவரி அச்சான முதல் பக்கத்தைப் பெறுவதுதான் இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு நடைமுறையில் எளிய வழி என்று எனக்குத் தோன்றுகிறது. மூவருக்கும் தனித்தனிச் சான்று வேண்டும் என்பதும் இல்லை. பெற்றோர், கணவர் போன்ற நெருங்கிய உறவினர் பெயரில் அதே முகவரிக்கு இருக்கும் சான்றும் ஏற்கப்படும்.

எந்த ஆவணமும் இல்லாதவரைப் படிவம் கைவிடுவதில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் வந்து, அங்கே குடியிருக்கிறார் என்று உறுதி செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் அங்கன்வாடிப் பணியாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் தங்கள் சொந்த வேலைக்கு மேல் இந்தப் பணியையும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும் நேரம் பெரும்பாலும் பகல், வீட்டில் இருப்பவர்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரம். பூட்டிய வீட்டைப் பார்த்துத் திரும்பியவர் ‘முகவரியில் இல்லை’ என்று எழுதினால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். ஆகவே படிவத்தில் எடுத்துப் பேசும் கைபேசி எண்ணைக் கொடுக்க வேண்டும். சென்னையில் பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டையும் எழுதுவது அவசியம். ஒரே தெருவில் இரண்டு 14 இருப்பது அங்கே சகஜம். வீட்டுக்காரரிடமும் கீழ்வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் உதவும்.

அனுப்பியதும் ஒரு குறிப்பு எண் வரும். வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாநகராட்சி மண்டல அலுவலகத்திலோ சிறப்பு முகாமிலோ தாளில் கொடுத்தாலும், எந்தக் கட்சிக்காரர் வழியாகக் கொடுத்தாலும், ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். பின்னால் எதைக் கேட்கவும் அந்த எண்தான் பிடிமானம்.

இனி நாள் கணக்கு. தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று இருப்பவர்கள் ஏமாறுவது இதில்தான். வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாள் முடிந்தால் பட்டியலில் சேர்க்கவோ நீக்கவோ சட்டம் அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு விண்ணப்பத்தின் மீதும் ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் விட வேண்டும். ஆகவே வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பு வரை வந்தவையே அந்தத் தேர்தலுக்குக் கணக்கில் வரும் என்பது நடைமுறை. 2024 மக்களவைத் தேர்தலை எடுத்துக் கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. வேட்புமனுவின் கடைசி நாள் மார்ச் 27. அதற்குப் பத்து நாள் முன்பு என்றால் மார்ச் 17. தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்டதோ மார்ச் 16, சனிக்கிழமை. அறிவிப்பைக் கேட்டு எழுந்தவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாக்குப்பதிவுக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தும் கதவு மூடிவிட்டது. 2021 சட்டமன்றத் தேர்தலில் நிலைமை சற்றுப் பரவாயில்லை: அறிவிப்பு பிப்ரவரி 26, வேட்புமனுவின் கடைசி நாள் மார்ச் 19, ஆகவே மார்ச் 9 வரை நேரம் இருந்தது. இந்த இடைவெளி தேர்தலுக்குத் தேர்தல் மாறும் என்பதால் அதை நம்பி இருப்பது ஆபத்து.

முதல்முறை வாக்காளருக்கும் இதே காலெண்டர்தான். 18 வயதுக்கான தகுதி நாள் முன்பு ஜனவரி 1 மட்டுமே; இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் தேதிகள். 17 வயது நிறைந்ததும் படிவம் 6 கொடுத்து வைக்கலாம், தகுதி நாள் வரும்போது அது பரிசீலிக்கப்படும்.

செல்வியின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால்? நிலையைக் குறிப்பு எண்ணை வைத்துப் பார்த்துக் கொண்டே இருந்தால்தான் அது தெரியவரும். சான்று தெளிவில்லை, வீட்டில் ஆள் இல்லை என்பது போன்ற காரணமாக இருந்தால், மேல்முறையீடு செய்வதைவிடக் குறையைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிப்பதே பெரும்பாலும் சீக்கிரம் முடியும். முடிவே தவறு என்று பட்டால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம். அங்கும் தீராவிட்டால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம்.

ஏற்கப்பட்டது என்று வந்தபின் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அட்டை எண்ணை இட்டு மீண்டும் தேடி, தொகுதி வேளச்சேரி என்று வருகிறதா, மூவர் பெயரும் ஒரே பாகத்தில் இருக்கிறதா, வாக்குச்சாவடி எந்தப் பள்ளியில் என்று பார்த்துக் குறித்துக் கொள்ள வேண்டும். புதிய அட்டை தபாலில் வர நாளாகலாம். அதற்குள் வாக்குப்பதிவு வந்துவிட்டால் மதுரை முகவரி உள்ள பழைய அட்டையையே எடுத்துப் போகலாம். வேளச்சேரிப் பட்டியலில் பெயர் இருக்கும்வரை அது செல்லும்.