செங்கோடு தெரிந்தால் வண்டி நிற்க வேண்டும்

காரின் பானெட்டில் கேமராவைப் பொருத்தி, கண்ணாடிக்குப் பின்னால் பேசிக்கொண்டு வரும் இருவரின் முகங்களைப் படம்பிடிக்கும் காட்சிக்குப் பெரும்பாலும் கைகொடுப்பது பம்ப் வைத்த சக்‌ஷன் கப். ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள ரப்பர் தட்டு, அதன் மேல் ஒரு பிடி, பிடியின் முனையில் கட்டைவிரலால் அழுத்தும் சிறு பம்ப். இவ்வளவுதான் கருவி. மூன்று கப்களை முக்கோணமாகப் பதித்து, குழாய்களால் இணைத்து, நடுவில் கேமராவை உட்கார வைப்பது வழக்கம்.

சக்‌ஷன் கப் எதையும் இழுத்துப் பிடிப்பதில்லை. உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப் வெளியேற்றியதும், வெளியே இருக்கும் காற்று தட்டை உலோகத்தோடு சேர்த்து அழுத்துகிறது. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை வளிமண்டலம் அழுத்தும் விசை ஏறக்குறைய ஒரு கிலோ. 15 சென்டிமீட்டர் தட்டின் பரப்பு 177 சதுர சென்டிமீட்டர். ஐந்தில் நான்கு பங்கு காற்றை வெளியேற்றினால் தட்டின் மேல் 140 கிலோவுக்குக் குறையாத அழுத்தம் விழும். ஆனால் இது காகிதக் கணக்கு. நேராக மேலே இழுக்கும்போது மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். கேமரா நீண்ட கம்பியின் நுனியில் நின்று ஆடினால் தட்டின் ஒரு ஓரம் மட்டும் நெம்பப்படுகிறது. அந்த ஓரத்தில் காற்று புகுந்தவுடன் மொத்தப் பிடியும் போய்விடும். ஒற்றைக் கப்பை நம்பாமல் மூன்றை விரித்து வைப்பதும், கேமராவைப் பானெட்டுக்கு இயன்ற அளவு நெருக்கமாக வைப்பதும் இதனால்தான்.

எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது

சக்‌ஷன் கப்புக்கு மிகவும் பிடித்த இடம் கண்ணாடி. அடுத்தது வளைவு குறைந்த, பெயின்ட் நன்றாக இருக்கும் தகடு. பானெட்டின் நடுப்பகுதி மெல்லிய தகடு என்பதால் அழுத்தினால் உள்வாங்கும். தகடு அசையும்போது கப்பும் அசையும். அடியில் விலா போல ஓடும் பட்டிகளுக்கு நேர் மேலே, அல்லது ஓரத்தை ஒட்டிக் கப்பை வைப்பது நல்லது. விபத்துக்குப் பின் பட்டி பூசி மறுபெயின்ட் அடித்த இடமும், ஸ்டிக்கர் ஒட்டிய இடமும் ஆபத்தானவை. அங்கே கப் விடாமல் பிடித்தாலும், பெயின்டோ ஸ்டிக்கரோ தகட்டை விட்டு உரிந்து வந்துவிடும்.

தகட்டை ஈரத் துணியால் துடைத்து, மெழுகுப் பாலிஷின் வழவழப்பு போகும்வரை சுத்தம் செய்து உலர்த்த வேண்டும். ரப்பரின் விளிம்பில் விரலை ஒருமுறை சுற்றி ஓட்டினால் கீறலோ மணலோ இருப்பது தெரிந்துவிடும். ஒரே ஒரு மணல் துகள் போதும், காற்று மெல்ல உள்ளே கசிய.

அந்தக் கசிவைக் காட்டத்தான் பம்பின் தண்டில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். காற்று நன்றாக வெளியேறியிருந்தால் கோடு உள்ளே மறைந்திருக்கும். கசியக் கசியத் தண்டு வெளியே வரும், கோடு தெரியும். பொருத்தியதும் புறப்படாமல் பத்து நிமிடம் காத்திருந்து பார்ப்பது நல்ல பழக்கம். அதற்குள் கோடு தலைகாட்டினால் மீண்டும் பம்ப் அடிப்பது தீர்வல்ல; கப்பை எடுத்து, இடத்தை மாற்ற வேண்டும்.

மலைப்பாதையில் இன்னொரு கணக்கு சேர்கிறது. கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தத்தை 100 என்று கொண்டால், கப்பின் உள்ளே மிஞ்சியிருப்பது 20. வித்தியாசமான 80தான் பிடி. அதே காரை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு ஓட்டிச் சென்றால் வெளி அழுத்தம் 76 அளவுக்கு இறங்கிவிடும். உள்ளே அதே 20 இருக்க, பிடி 56 ஆகிறது. ஒரு துளிகூடக் கசியாமலே பத்தில் மூன்று பங்கு பிடி போயிற்று. மேலே சென்று மறுபடி பம்ப் அடித்தாலும் 61ஐத் தாண்டுவது கடினம். அடிவாரத்தில் சரியாக இருந்த ரிக்குக்கு மலையில் கப் ஒன்றைக் கூட்டவோ சுமையைக் குறைக்கவோ வேண்டியிருக்கும்.

கயிறு எதற்கு

பாதுகாப்புக் கயிறு கேமராவைத் தாங்குவதற்கு அல்ல. கப்கள் கைவிட்டால் கேமரா சாலையில் விழாமல் தொங்கிக்கொண்டிருப்பதற்கு. இரண்டு வகைக் கட்டு தேவை. ரிக்கின் குழாய்களைப் பானெட்டின் ஓர இடுக்குகளில் கொக்கி மாட்டிய ராட்செட் பெல்ட்டுகளால் இழுத்துக் கட்டுவது முதல் வகை. இது அதிர்வைக் குறைக்கும். பெல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் பானெட்டின் ஓரம் மடங்கும். கேமராவின் உடலிலிருந்தே தனியாக ஒரு கயிறு வண்டியின் உறுதியான பாகத்துக்குச் செல்வது இரண்டாவது வகை. பிளாஸ்டிக் கிரில், வைப்பர் கை ஆகியவற்றில் கட்டுவது கட்டாததற்குச் சமம்.

கயிற்றின் நீளம் முக்கியம். 5 கிலோ கேமராவுக்குக் கட்டிய கயிற்றில் 10 சென்டிமீட்டர் தொய்வு இருக்கிறது. விழும் கேமராவைக் கயிறு 2 சென்டிமீட்டர் நீண்டு நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நொடியில் கயிற்றின் மேல் விழும் சராசரி இழுப்பு 30 கிலோ. அதே கயிற்றில் ஒரு மீட்டர் தொய்வு இருந்தால் இழுப்பு 255 கிலோ. அதற்குக் கொக்கியோ திருகோ தாங்காது. மேலும் நீளமான கயிறு திடீர் பிரேக்கில் கேமராவை முன்சக்கரத்தின் அடிவரை போக விடும். தரையையும் முன்கண்ணாடியையும் எட்டாத அளவுக்குக் குட்டையாக இருப்பதே சரியான கயிறு.

வேகம்

காற்று தள்ளிவிடும் என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. 20 சென்டிமீட்டர் சதுர முகப்புள்ள கேமராவை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தள்ளும் விசை அரைக் கிலோவைக்கூட எட்டாது. 80இல் அது நான்கு மடங்காகி ஒன்றேகால் கிலோவைத் தாண்டும். உண்மையான எதிரிகள் குழியும் பிரேக்கும். ஒரு குழியில் வண்டி மூன்று மடங்கு புவியீர்ப்புக்குச் சமமாகத் தூக்கிப்போட்டால், 4 கிலோ கேமரா அந்தக் கணத்தில் 12 கிலோவாக நெம்பும். வேகம் இரட்டிப்பானால் நிற்கத் தேவையான பிரேக் தூரம் நான்கு மடங்காகும். ஆகவே பானெட்டில் கேமரா இருக்கும் வண்டியை, முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துக் குழியும் வேகத்தடையும் குறித்துவைத்த சாலையில், அனுமதி பெற்று, போக்குவரத்தை நிறுத்தி, 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவது அறிவுள்ள வரம்பு.

அந்த வேகம் திரையில் மந்தமாகத் தெரியுமே என்றால், முகத்தை எடுக்கும் காட்சியில் வேகத்தைச் சொல்வது பக்கக் கண்ணாடி வழியே ஓடும் பின்னணி மட்டும்தான். சாலையோர மரங்கள் நெருங்கி நிற்கும் பாதையைத் தேர்ந்தால் 35 கிலோமீட்டரே விரைவாகத் தோன்றும். வசனம் இல்லாத காட்சியில் நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 20 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டினால் 40 கிலோமீட்டர் 48 ஆகத் தெரியும்.

ஓட்டுநரின் பார்வை மறையக் கூடாது என்பது இவற்றுக்கெல்லாம் முந்திய நிபந்தனை. வலப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள காரில் கேமராவை இடப்பக்கம் தள்ளி, தாழ்வாக வைக்க வேண்டும். காட்சி அதற்கு இடம் தராவிட்டால் காரைத் தாழ்தள டிரெய்லரில் ஏற்றி, வேறொருவர் இழுத்துச் செல்வதே வழி.

ஒவ்வொரு டேக்குக்கும் முன் யாராவது ஒருவர், எப்போதும் அதே ஒருவர், மூன்று தண்டுகளையும் பார்த்து, பெல்ட்டைக் கையால் தட்டிப் பார்த்த பிறகே வண்டி நகரலாம். பிரிக்கும்போது முதலில் கேமராவை ஒருவர் பிடித்துக்கொள்ள, அது ரிக்கிலிருந்து கழன்ற பின்பே பாதுகாப்புக் கயிறு அவிழும். கடைசியில் கப்பின் ஓரத்திலுள்ள ரப்பர் நாக்கைத் தூக்கிக் காற்றை உள்ளே விட்டால், தகட்டில் வளையத் தடம் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு அது தானாகக் கையோடு வரும்.