28-ஆம் தேதிக்குள் ஆகாது, சார்

கேட்பவருக்கு அது ஒரு வரிதான்: “நோயாளிகளுக்கு எஸ்.எம்.எஸ். போகுதில்ல, அப்படியே வாட்ஸ்அப்லயும் நினைவூட்டல் போகட்டும்.” ஒரு கிளினிக்குக்கு முன்பதிவு மென்பொருள் எழுதும் சிறிய குழு என்று வைத்துக்கொள்வோம். கேட்டவர் அனுபவத்தில் மூத்தவர். வெளியீடு 28-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. கோரிக்கை வந்தது 18-ஆம் தேதி செவ்வாய்.

பலரும் உடனே எழுதுவது “பார்க்கிறோம் சார்” என்றுதான். எழுதியவருக்கு அது மறுப்பு, படித்தவருக்கோ சம்மதம். அவர் கிளினிக்கிடம் வாக்குக் கொடுத்துவிடுவார். 27-ஆம் தேதி இருவருக்கும் மனக்கசப்பு.

பதில் எழுதுமுன் வேலையின் அளவைப் பார்க்க வேண்டும். நிறுவனம் தானாக முன்வந்து வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்ப, செய்தியின் வாசகத்துக்கு மெட்டாவிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். நோயாளியின் சம்மதத்தைப் பெற்றுப் பதிந்து வைக்க வேண்டும். செய்தி போய்ச் சேராவிட்டால் எஸ்.எம்.எஸ்.ஸுக்கு மாறும் ஏற்பாடு வேண்டும். சோதனையும் சேர்த்து 4 நாள் வேலை என்று குழு கணக்கிடுகிறது. ஒப்புதல் எப்போது கிடைக்கும் என்பது குழுவின் கையில் இல்லை.

அடுத்து, கேட்டவரை நேரிலோ போனிலோ பிடித்து, “எதுக்காக சார் கேக்கறீங்க?” என்று விசாரிக்க வேண்டும். முன்பதிவு செய்தவர்களில் சிலர் வராமல் போவதுதான் கிளினிக்கின் குறை என்று தெரிகிறது. வாட்ஸ்அப் அவருக்குத் தோன்றிய ஒரு தீர்வு; தேவை அதைவிடச் சிறியது. மாற்றுவழி இங்கிருந்துதான் பிறக்கிறது. அதன்பிறகு எழுதும் மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்:

பொருள்: வாட்ஸ்அப் நினைவூட்டல் – 28-ஆம் தேதி வெளியீட்டில் முழுமையாகச் சேர்க்க இயலாது; மூன்று வழிகள்

சார், வணக்கம்.

முன்பதிவு செய்தவர்கள் வராமல் போவதைக் குறைக்க நினைவூட்டல் உதவும் என்பதை ஏற்கிறேன். ஆனால் இப்போதுள்ள பட்டியலோடு சேர்த்து இதை 28-ஆம் தேதிக்குள் முடிக்க இயலாது. நாளை முதல் 8 வேலை நாள்கள் உள்ளன. ரசீதுக்கு 2, முன்பதிவு ரத்துக்கு 4, பிழை திருத்த 2. வாட்ஸ்அப் வேலைக்கு இன்னும் 4 நாள் தேவை.

1. தேதியும் பட்டியலும் மாறாது. முன்பதிவு விவரத்துக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் வைக்கிறோம். வரவேற்பில் இருப்பவர் அதை அழுத்தினால் செய்தி தயாராகத் திறக்கும், அவரே அனுப்பலாம். அரை நாள் வேலை. பிழை திருத்தும் நேரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறோம். தானியங்கி நினைவூட்டல் அடுத்த வெளியீட்டில் முதல் வேலை.
2. முன்பதிவு ரத்தைத் தள்ளிவைத்து, அந்த 4 நாளில் இதைச் செய்கிறோம். அதுவரை ரத்தெல்லாம் தொலைபேசியில்தான். வாசகத்துக்கு ஒப்புதல் தாமதமானால் இதுவும் நிற்கும்.
3. இரண்டும் வேண்டுமென்றால் வெளியீடு அடுத்த வியாழக்கிழமைக்குத் தள்ளும்.

என் பரிந்துரை முதல் வழி. முன்பதிவு ரத்து வேலை வெள்ளிக்கிழமை தொடங்குவதால், வியாழன் மாலைக்குள் சொன்னால் நல்லது. மாற்றம் இல்லையென்றால் முதல் வழியில் தொடர்கிறோம்.

மறுப்பு பொருள் வரியிலேயே இருக்கிறது. மரியாதை அவருடைய நோக்கத்தை ஏற்பதில் இருக்கிறது, மன்னிப்பு தேவைப்படவில்லை. நாள் கணக்கைப் பார்ப்பவருக்கு, மறுப்பது ஆள் அல்ல, காலண்டர் என்று விளங்கும். கடைசி தேதிக்கும் காரணம் இருக்கிறது: அந்த நாளுக்குப்பின் இரண்டாம் வழி மூடிவிடும்.

முதல் வழியில் சொன்ன பொத்தான், வாட்ஸ்அப் எல்லோருக்கும் தரும் சாதாரண இணைப்புதான்:

```
https://wa.me/<எண்>?text=<செய்தி>
```

அதற்கு வரம்பு உண்டு. ஒவ்வொரு செய்தியையும் ஒருவர் கையால் அனுப்ப வேண்டும். தினம் இருபது பேர் வரும் கிளினிக்குக்குப் போதும். நூற்றுக்கணக்கானோர் வரும் இடத்துக்கு ஆகாது. இதை மறைத்தால் பேரம் நேர்மையானதல்ல.

“இன்னொரு ஆளைக் கொடுங்கள்” என்பது ஏன் நான்காவது வழியாக இல்லை? தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஐ.பி.எம்.மில் பெரிய திட்டத்தை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-இல் எழுதினார். புதியவருக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் வேலை தெரிந்த அதே ஆட்கள்தான். மீதி 8 நாள் என்றால் அந்தச் செலவு திரும்பி வராது.

இத்தகைய கடிதங்கள் கெடுவது பெரும்பாலும் போலி வழிகளால். யாரும் ஏற்க முடியாத இரண்டைப் போட்டுத் தனக்குப் பிடித்ததை மூன்றாவதாக வைத்தால், மூத்தவர் உடனே கண்டுபிடிப்பார். எழுதியவர் தன்னையே ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: அவர் இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுத்தால் நாளை காலை நான் முணுமுணுக்காமல் தொடங்குவேனா? மாட்டேன் என்றால் அந்த வரியை அழித்துவிட வேண்டும்.

இன்னொன்று: மூத்தவருக்கு அட்டவணையை மாற்றும் அதிகாரம் இல்லாமலும் இருக்கலாம். தேதிக்குப் பொறுப்பான மேலாளருக்கும் நகல் போக வேண்டும். முன்கூட்டிப் பேசாமல் நகல் வைத்தால் அது புகார் போலத் தெரியும். “மேலாளருக்கும் போடறேன் சார், அவர்தானே தேதியை முடிவு பண்ணணும்” என்று முதலில் போனில் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை.